பஞ்சு மழையில் காய்ந்த கற்பூரவல்லி

வேலம்பாளையத்தில் சென்னிமலை வீட்டு வாசலில் வெயில் காலத்திலும் பனி விழும். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு தகரச் செட். பனியன் கம்பெனிகள் வெட்டியது போக மிஞ்சுகிற துண்டுத் துணியை வாங்கி, மிஷினில் போட்டுக் கிழித்து, மறுபடி பஞ்சாக்குகிற இடம் அது. அதன் சுவரில் பதித்திருந்த பெரிய காற்றாடி, உள்ளே பறக்கும் தூசிப் பஞ்சையெல்லாம் பக்கத்து வீட்டுக்குத் தானமாக அனுப்பிக்கொண்டே இருக்கும். தென்னை மட்டையில் கொஞ்சம் தங்கும், வாழையிலையில் கொஞ்சம் படியும், மிச்சம் மீதி சென்னிமலையின் மீசையில் வந்து உட்காரும். அவருடைய மீசை நரைத்துவிட்டதா இல்லையா என்பது ஊரில் யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

ஆயுசில் பாதியை ஒரு கம்பெனியின் செக்கிங் பிரிவில் கழித்தவர் அவர். டியூப் லைட்டுக்குக் கீழே துணியை விரித்து ஓட்டை தேடுவதும், எண்ணெய்க் கறை தேடுவதும், நூல் தொங்கினால் கத்தரிப்பதும்தான் வேலை. பிறர் போடப்போகிற சட்டையில் அத்தனை வருஷம் குறை கண்டுபிடித்த கண் ஒரு நாள் மங்கியது. கம்பெனி அவருக்கு ஒரு சால்வை போர்த்தி, சுவர்க் கடிகாரம் ஒன்றைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. நேரமே தேவைப்படாத ஆளுக்குக் கடிகாரம் கொடுப்பது கம்பெனிகளின் வழக்கம்.

அன்றிலிருந்து வாசலின் மேற்குப் பக்கம், புளியமர நிழலில் ஒரு கயிற்றுக் கட்டில். கட்டிலில் சென்னிமலை. அவருக்கு மேலே பஞ்சு. பாதிக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் பஞ்சு மேகம் மாதிரி இறங்கிவரும். மேகத்துக்குள் யோசனைகள் இருக்கும்.

வாசலின் மதிலோரம் மூன்று தென்னை, மூலையில் அந்தப் புளி, குளியலறைத் தண்ணீர் ஓடுகிற கிழக்குப் பக்கத்தில் ஒரு கற்பூரவல்லி வாழைக் கூட்டம். மற்றவர் கண்ணுக்கு இவை மரங்கள். சென்னிமலைக்கு அவை மூன்று தொழிற்சாலைகள், இன்னும் திறப்பு விழா நடக்காதவை.

தென்னைத் தொழிற்சாலை முதலில் திறந்தது. கொப்பரை போட்டு, செக்கில் கொடுத்து, சுத்தமான எண்ணெய் எடுப்பதாகத் திட்டம். தேங்காயை உடைத்தால் அன்றைக்கே வெயில் முகம் காட்டவேண்டும். ரெண்டு நாள் சுள்ளென்று காய்ந்தால்தான் பருப்பு சிரட்டையை விட்டுக் கழன்று வரும். சென்னிமலை உடைத்தது ஐப்பசியில். உடைத்த சாயங்காலம் தூறல் பிடித்தது. மூன்றாம் நாள் ஒவ்வொரு மூடிக்குள்ளும் பச்சையும் கறுப்புமாகப் பூசணம் பூத்திருந்தது. அப்படியும் விடாமல் ஆட்டிக்கொண்டு வந்த, சிக்கு வாடை வீசிய எண்ணெயில் அவர் மனைவி நல்லம்மாள் ஒரு நாள் விளக்கேற்றினாள்.

"ஏனுங்க, படத்துல முருகன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்கற மாதிரி இருக்குதுங்க," என்றாள்.

புளித் தொழிற்சாலை அடுத்தது. அவருடைய அப்பா தறி நெய்த காலத்தில் புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, அரைத்துக் காய்ச்சி, பாவு நூலுக்குக் கஞ்சி போடுவார். அந்த ஞாபகத்தில் சென்னிமலை கொட்டைகளை ஒரு சாக்கு நிறையச் சேர்த்தார். கஞ்சி மாவு வாங்க ஆள் தேடுவதற்குள் வண்டுகள் தேடி வந்துவிட்டன. சாக்கைத் தூக்கினால் மாவு உதிர்ந்தது. "பாத்தியா, அரைக்கற வேலை மிச்சம்," என்றார் சென்னிமலை. நல்லம்மாள் விளக்குமாற்றைத் தேடினாள். அவருக்குக் கேட்கிற மாதிரியே தேடினாள்.

இப்படி நிம்மதியாகத் தோற்றுக்கொண்டிருந்த மனிதருக்கு வந்தது சோதனை.

மகன் அருள்செல்வன் பனியன் கம்பெனிகளிடம் ஜாப் ஒர்க் எடுத்துக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பவன். வாடகை இடத்தில் மிஷின்கள், பத்துப் பன்னிரண்டு டெய்லர்கள். அந்த வருஷம் அமெரிக்காவில் ஏதோ பெரிய பேங்க் சாய்ந்தது. அது சாய்ந்த சத்தம் வேறெங்கும் கேட்டதோ இல்லையோ, திருப்பூரில் சந்துக்குச் சந்து கேட்டது. ஆர்டர் சுருங்கியது. மிச்சமிருந்த நேரத்தைக் கரண்ட் கட் சாப்பிட்டது. வாடகை இடத்தைக் காலி செய்துவிட்டுச் சொந்த வாசலிலேயே செட் போட்டுவிடுவது என்று அருள்செல்வன் முடிவெடுத்தான். வாசல் முழுக்க சிமெண்ட் ஷீட். தென்னை, புளி, வாழை எல்லாவற்றுக்கும் ஒரே வழியனுப்பு விழா.

"தைப்பூசம் முடிஞ்சதும் மரம் வெட்டற ஆளு வருதுங்கப்பா," என்றான்.

சென்னிமலை கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். அவர் பகலில் எழுந்து உட்கார்ந்து நாளாகியிருந்தது.

"கண்ணு, அந்த மரமெல்லாம் தொழில்டா."

"என்ன தொழிலுங்கப்பா? கொப்பரை பூத்துப் போச்சு. கொட்டை மாவாப் போச்சு. ஒன்னே ஒன்னு கேக்கறனுங்க. இந்த வாசல்ல வெளைஞ்சது எதையாச்சும் பக்குவம் பண்ணுங்க. நம்மூட்டு ஆளு வேண்டாம், வெளியாளு ஒருத்தரு, அத வாயில போட்டுட்டு 'இன்னொன்னு இருக்குங்களா'ன்னு கேக்கட்டும். கேட்டா மரத்தத் தொட மாட்டேன்."

"முருகன் மேல சத்தியமா?"

"அவரு மேலயே சத்தியம். அவருதான் நம்மூட்ல ஏற்கனவே மூஞ்சியத் திருப்பிட்டாரே."

வாழையில் ரெண்டு தார்கள் இருந்தன. ஒன்று முற்றிவிட்டது, மற்றொன்று பின்னாலேயே முற்றி வந்துகொண்டிருந்தது. கற்பூரவல்லியைப் பழமாக விற்றால் வீதியில் எல்லோர் வீட்டிலும் அதே பழம். உரித்து வெயிலில் காயவைத்தால் அது வேறு பிறவி எடுக்கும். வெல்லக்கட்டி நிறத்தில், மெல்ல மெல்ல இனிக்கும், மாசக்கணக்கில் கெடாது. சென்னிமலை கண்ணை மூடிப் பார்த்தார். சீப்புச் சீப்பாகப் பழங்கள் வெயிலில் படுத்துச் சிவந்துகொண்டிருந்தன. அழகாக இருந்தது. கண்ணைத் திறந்தார். பஞ்சு விழுந்துகொண்டிருந்தது.

மதிலோரம் போய், செட்டில் மிஷின் ஓட்டுகிற பாண்டித்துரையைக் கூப்பிட்டார். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவன்.

"ஏந்தம்பி, அந்தக் காத்தாடிய அந்தப் பக்கமாத் திருப்பி வெக்க முடியாதுங்களா?"

"ஃபேனைத் திருப்பச் சொன்னா மொதலாளி என்னையத் திருப்பி ஊருக்கு அனுப்பிருவாரு பெரியவரே," என்றான் பாண்டித்துரை. அவன் புருவம் ரெண்டும் வெள்ளையாக இருந்தன. அவனிடம் போய் இதைக் கேட்டது தப்பு என்று சென்னிமலைக்கே தோன்றியது.

ஆக, மூடித்தான் காயவைக்கவேண்டும். எதைக்கொண்டு மூடுவது? இந்த இடத்தில்தான் சென்னிமலை ஒரு தப்புச் செய்தார். திருப்பூர்க்காரர் ஒருவர் மட்டுமே இவ்வளவு பக்தியோடு செய்யக்கூடிய தப்பு. கம்பெனியில் அவர் கற்ற வேதம் ஒன்றே: காட்டன்தான் உசத்தி, பாலியெஸ்டர் மட்டம். பீரோவில் பத்திரமாக வைத்திருந்த சுத்தமான பருத்திப் பனியன் துணியை எடுத்தார். குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி, உரித்த பழங்களின் மேல் மெத்தென்று போர்த்திவிட்டார்.

போர்த்தியதும் மனசு நிறைந்தது. கட்டிலுக்குப் போனார்.

பருத்தி ஈரத்தைக் குடிக்கும். குடித்ததை லேசில் விடாது. போதாததற்குப் பழத்தின் பிசுக்கு துணியைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. காற்றுப் புகாமல், வெயில் படாமல், பழங்கள் உள்ளே வியர்த்தன. துணியை உரித்தபோது பழத்தில் பாதி துணியோடு வந்தது, துணியில் பாதி பழத்தோடு நின்றது. நூல் நூலாக முடி முளைத்த பழம். லேசாகப் புளித்த வாடை வேறு.

கம்பெனி கேட்டுகளில் டீ நேரத்துக்கு முறுக்கும் பணியாரமும் விற்கிற மாரக்காளிடம் ஒன்றை நீட்டினார். அவள் நாக்குக்கு அந்த வட்டாரத்து டெய்லர்கள் எல்லோரும் அடக்கம். அவள் நல்லது என்றால் கூடை காலி. மாரக்காள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். திருப்பினாள். ஒரு நூலைப் பிடித்து இழுத்தாள். அது வந்துகொண்டே இருந்தது.

"ஏனுங்ணா, இது திங்கறதுங்களா, உடுத்தறதுங்களா?"

"பழம் மாரக்கா. காய வெச்ச பழம்."

"சைசு என்னங்ணா? 'எம்'மா, 'எல்'லா?"

உள்ளேயிருந்து நல்லம்மாள் சிரித்த சிரிப்பில் தென்னையிலிருந்த காக்கை எழுந்து பறந்தது. அருள்செல்வன் மட்டும் சிரிக்கவில்லை. டேப்பை எடுத்து வாசலை அளந்தான்.

அவனுக்கும் நேரம் சரியில்லை. விளையாட்டு ஜெர்ஸிக்கென்று வந்த மெஷ் துணி, அதாவது உடம்பெல்லாம் பொடிப்பொடியாகக் கண் வைத்த பாலியெஸ்டர், பாதி தைத்த நிலையில் இருக்கும்போதே ஆர்டர் ரத்தாகிவிட்டது. வெட்டாமல் மிஞ்சிய, சாயம் போடாத வெள்ளைத் துணி உருளை உருளையாக வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதை இறக்கும்போதே பஞ்சு அவனை வரவேற்றது.

"சனியன் புடிச்ச துணி! காத்துல போற பஞ்சையெல்லாம் கூப்புட்டு ஒட்ட வெச்சுக்குது. ஒட்டற டேப்பப் போட்டு ஒத்தி எடுத்தே எங்கிட்ட வேலை செய்யற புள்ளைக கை தேஞ்சு போச்சு. எத்தன உதறுனாலும் உட மாட்டீங்குது."

கட்டிலில் சென்னிமலை பாதித் தூக்கத்தில் இருந்தார். மகனின் வசவு அவர் காதில் நுழைந்து, கனவுக்குள் ஒரு சுற்றுச் சுற்றியது. கனவில் அவர் பழைய செக்கிங் டேபிளின் முன்னால் நின்றார். பாலியெஸ்டர் துணி வருகிற நாளெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கிறது என்று அவரே கட்டுக்கட்டாகத் திருப்பி அனுப்பியிருக்கிறார். டேபிள் மெதுவாக மேலே எழும்பியது. அதற்குக் கீழே வாழைப்பழங்கள் வரிசையாகப் படுத்திருந்தன. மேலே விழுந்த பஞ்செல்லாம் டேபிளில் விரித்திருந்த துணியிலேயே ஒட்டித் தங்கிவிட்டது. பழத்தின் மேல் ஒரு இழைகூட இல்லை. அவர் கனவிலேயே 'ஓகே' என்று முத்திரை குத்தினார்.

"உட மாட்டீங்குதா?" என்று கேட்டுக்கொண்டே எழுந்தார். "கண்ணு, அது உடவே வேண்டாம்."

ரெண்டாவது தார் அதற்குள் பழுத்துவிட்டது. இந்த முறை நல்லம்மாளும் கையைக் கொடுத்தாள். கேலி செய்வதற்காவது பக்கத்தில் இருக்கவேண்டுமல்லவா? மிஷினில் பின்னும்போது பட்ட எண்ணெய் போக மெஷ் துணியைச் சோப்புப் போட்டு அலசி உலர்த்தினாள். சென்னிமலை ரீப்பர் கட்டைகளை அடித்துச் சட்டம் செய்தார். துணியை முரசு மாதிரி இழுத்துக் கட்டி, பழத்தில் படாமல் ஒரு முழம் உயரத்தில் நிறுத்தினார். கீழே, தரையை விட்டுத் தூக்கிவைத்த மூங்கில் தட்டுகள். கனிந்த பழம் மட்டும், கொழகொழத்தது ஒதுக்கி. தோலை உரித்து, மேலே ஒட்டியிருக்கும் நாரை வழித்து, ஒன்றையொன்று இடிக்காமல் அடுக்கினார்கள்.

"ஊட்டுக்காரிய இப்படிப் பாத்துப் பாத்துப் படுக்க வெச்சிருக்கீங்களா?" என்றாள் நல்லம்மாள்.

"உனக்கு வெயிலு ஆகாதே புள்ள."

பஞ்சு விழுந்தது. மெஷ்ஷின் மேல் விழுந்தது, அங்கேயே ஒட்டிக்கொண்டது. காற்றும் வெயிலும் மட்டும் கண்களின் வழியாக இறங்கின. நல்லம்மாள் அவ்வப்போது ஈரத்துணியால் மேல் துணியை ஒத்தி எடுத்தாள். கரண்ட் போனால் காற்றாடி நிற்கும். ஊரே வாயில் வந்தபடி திட்டும். சென்னிமலை மட்டும் முகம் மலர்ந்து, சட்டத்தைத் தூக்கிவிட்டு, பழங்களுக்கு நேரடி வெயிலைக் காட்டுவார். அந்த வருஷம் திருப்பூரில் கரண்ட் கட்டுக்கு நன்றி சொன்ன ஒரே பிரஜை அவராகத்தான் இருக்கவேண்டும். மகனுக்கு முன்னால் மட்டும் அவர் சோகமாக முகத்தை வைத்துக்கொண்டார்.

பகலில் புரட்டிப் போட்டார். பொழுது சாய்ந்ததும் பனி படாமல் தட்டுகளை உள்ளே எடுத்தார். பழங்கள் சுருங்கின, பொன்னாகின, பிறகு வெல்லமாகின. நடுவில் உள்ளங்கையால் லேசாக அமுக்கித் தட்டையாக்கினார். தை மாசத்து மத்தியானங்களில் அந்த வாசலில் ஒரு வாசம் எழுந்தது. மதிலுக்கு அப்பால் பாண்டித்துரை மிஷினை நிறுத்திவிட்டு மூக்கை உயர்த்தி நின்றான். பழத்தைக் கிள்ளினால் விரலில் ஈரம் ஒட்டவில்லை. தோல் மாதிரி வளைந்தது, ஒடியவில்லை. உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் ஒன்றுபோல் பரவட்டும் என்று மூடிபோட்ட பாத்திரத்தில் ரெண்டு நாள் உறங்கவிட்டார். ஒரு தார் பழம் கைப்பிடி வைத்த ஒரு தூக்குப்போசிக்குள் அடங்கிப்போனது. அதைப் பார்த்து நல்லம்மாளுக்குக் கொஞ்சம் துக்கம்.

மாரக்காள் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவள். அவள் பின்னால் ஒரு கூட்டமே நடக்கும். கிளம்புகிற அன்று சென்னிமலை தூக்குப்போசியோடு போய் நின்றார்.

"மறுக்காவுமாங்ணா? இந்தத் தடவ கையி வெச்சதா, கையி வெக்காததா?"

"வழியில தின்னுபாரு மாரக்கா. நூலு வந்தா அதுலயே என்னையக் கட்டிப் போடு."

அவள் அங்கேயே தின்னவில்லை. வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, அரோகரா என்று நடந்துவிட்டாள்.

பிறகு வந்த நாட்கள் சென்னிமலைக்கு நீளமானவை. தான் உரித்த பழங்கள் தனக்கு முன்னால் பழனிக்கு நடந்துகொண்டிருப்பதாக அவருக்குத் தோன்றும். கண்ணை மூடினால், சாலையோரம் மஞ்சளும் பச்சையுமாகக் கூட்டம்; கூட்டத்துக்கு நடுவில் ஒரு தூக்குப்போசி, தனியாக, ஆடி ஆடி. சில சமயம் அது திறக்கும், சில சமயம் திறக்காது. வாசலில் அருள்செல்வன் மரம் வெட்டுகிறவனோடு போனில் பேசுவது கேட்கும். அப்போது தூக்குப்போசி சாலையில் நின்றுவிடும்.

பூசம் முடிந்து மாரக்காள் வந்தாள். காலில் கொப்புளம், நெற்றியில் விபூதி. வந்த வேகத்தைப் பார்த்துச் சென்னிமலை கட்டிலை விட்டு எழுந்தார். அருள்செல்வன் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான்.

"ஏனுங்ணா, உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணுனேன்?"

"என்னாச்சு மாரக்கா?"

"தாராபுரம் தாண்டல. மரத்தடியில காலை நீட்டிக் குக்கும்போது பசிக்குதேன்னு போசியத் தொறந்தேன். எங்கூட வந்தவளுக ஆளுக்கொன்னு எடுத்தாளுக. அப்புறம் பக்கத்துல குக்கியிருந்தவிய. யாருன்னே தெரியாது, அவிநாசிப் பக்கமாம், அந்தம்மா ஒன்னு வாங்கித் தின்னுட்டுக் கைய நீட்டுதுங்க. 'இன்னொன்னு இருக்குங்களா, பையனுக்கு'ன்னு. அவிய பையன், அவிய மச்சாண்டாரு, அவிய கூட்டமே வந்து நிக்குது. சாமிக்கு நடக்கறவிய கேட்டா இல்லீன்னு சொல்ல முடியுங்களா? எனக்குன்னு பாத்தா அடியில துணுக்குதான் கெடக்குது. நான் ஒன்னே ஒன்னுதானுங்ணா தின்னேன்! வர்ற மாசம் கம்பெனி கேட்டுக்குக் கொண்டு போறதுக்குப் போசி ரொப்பி வெய்யுங்க, சொல்லிட்டேன்."

வெற்றுப் போசியை அவர் கையில் திணித்துவிட்டு நொண்டிக்கொண்டே போனாள். சென்னிமலை போசியைக் கவிழ்த்து மகனுக்குக் காட்டினார்.

அருள்செல்வன் வாக்குத் தவறாதவன். மரம் வெட்டுகிறவனைக் கூப்பிட்டு வரவேண்டாம் என்றான். ஆனால் மிஷின்களை எங்கேயாவது வைத்தாகவேண்டுமே. ஆர்டர் சுருங்கியதில் அவனுக்கு இப்போது நாலு மிஷின்தான். வாசலில் பாதி போதும்.

"மரத்துல கை வெக்காம ரெண்டு எடந்தாங்கப்பா இருக்குது," என்றான். "கெழக்க, நீங்க தட்டு வெக்கற எடம். இல்லீன்னா மேக்க, புளியமரத்து நெழலு. நீங்களே சொல்லுங்க."

சென்னிமலை கிழக்கே பார்த்தார். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அங்கே வெயில். மேற்கே பார்த்தார். அங்கே அவருடைய கட்டில். அவர் கண்ட எண்ணெய் ஆலையும் கஞ்சி மாவுக் கம்பெனியும், பஞ்சு மேகமும், 'ஓகே' முத்திரையும், எல்லாம் அந்த நாலு கால்களுக்கு மேல்தான் நடந்திருந்தன. நிழலில் பழம் காயாது. வெயிலில் கனவு வராது.

"மரம் வேணும்னு நீங்கதானுங்க கேட்டீங்க," என்றாள் நல்லம்மாள், மெதுவாக. இந்த முறை அவள் கேலி செய்யவில்லை.

"மேக்கயே போட்டுக்க கண்ணு," என்றார் சென்னிமலை.

கட்டிலை அவரே தூக்க முடியாமல் தூக்கிச் சுவரில் சாய்த்தார். மாசி வெயிலில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அவர் இப்போது வீதியில் வாங்கிச் சேர்த்த தார்களின் பழத்தைப் புரட்டுகிறார். ஒரு வரிசை முடிந்து அடுத்ததற்குப் போவதற்குள் முதல் வரிசை கூப்பிடுகிறது. நடுவில் மெஷ்ஷைத் துடைக்கவேண்டும், காக்கையை விரட்டவேண்டும், நாரை வழிக்கவேண்டும். மேற்கே, புதுச் செட்டுக்குள் நாலு மிஷின்கள் நிழலில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கின்றன. கரண்ட் இல்லாத மத்தியானத்தில் அருள்செல்வன் துணிக் கட்டின் மேல் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து தூங்குகிறான். தூக்கத்தில் அவன் முகத்தில் ஒரு சிரிப்பு.

"என்ன கனாக் காணறானோ," என்கிறார் சென்னிமலை பொறாமையோடு. அடுத்த பழத்தைப் புரட்டுகிறார்.